ஷிப்ட் சார்ட்டில் முதல் வரி முதலுதவிக்காரருக்கு

டைம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர் கையில் முதலில் வந்து விழும் வேலை ஷிப்ட் சார்ட் போடுவது. போன வாரத்துச் சார்ட்டை எடுத்து, தேதியை மாற்றி, லீவு சொன்னவர் பெயரை அடித்து, அந்த இடத்தில் இன்னொரு பெயரை எழுதி போர்டில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான் இருக்கும். எல்லா மெஷினுக்கும் ஆள் இருக்கிறதா என்று பார்த்திருப்போம். அந்த எட்டு மணி நேரத்தில் யாருக்காவது அடிபட்டால் பார்க்கத் தெரிந்தவர் உள்ளே இருக்கிறாரா என்று பார்த்திருக்க மாட்டோம். சார்ட்டில் அதற்கென்று ஒரு கட்டமே இருக்காது.

எனக்கு இது உறைத்தது ஒரு நைட் ஷிப்டில். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை, நான் வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம். கார்டிங்கில் ஒரு பையனுக்கு விரலில் ஆழமான வெட்டு. முதலுதவிப் பெட்டி சுவரில்தான் இருந்தது, பூட்டியிருந்தது. சாவி ஃபிட்டரின் சாவிக் கொத்தில். சான்றிதழ் வாங்கியவர் அவர்தான் என்பதால் பெட்டியும் அவர் பொறுப்பு. அவருக்கு அன்று வார லீவு. நைட் சூப்பர்வைசர் இருபது வருட அனுபவம் உள்ளவர், பதறாமல்தான் இருந்தார். ஆனால் கேன்டீனிலிருந்து காபித் தூள் வாங்கிவரச் சொல்லிக் காயத்தில் அப்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் தையல் போடுவதற்கு முன் அந்தத் தூளைக் கழுவி எடுக்கவே நேரம் பிடித்தது. அந்த வாரத்துச் சார்ட் போட்டவன் நான்.

அதற்குப் பிறகு நான் சார்ட் போடும் வரிசையே மாறிவிட்டது. முதலில் முதலுதவி தெரிந்தவர்களை ஷிப்டுகளில் உட்கார வைக்கிறேன். மற்றவர்களை அவர்களைச் சுற்றி நிரப்புகிறேன். இந்தக் கட்டுரை அந்த வரிசையைத்தான் படிப்படியாகச் சொல்கிறது. மூன்று ஷிப்ட் ஓடும் ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்கிறேன். ஏ ஷிப்ட் காலை 6 முதல் மதியம் 2 வரை, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10 வரை, சி ஷிப்ட் இரவு 10 முதல் காலை 6 வரை. ஞாயிறும் ஓடும் மில். ஒரு ஷிப்டுக்குச் சுமார் 90 பேர்.

அந்த ‘அல்லது’ எங்கே செல்லும், எங்கே செல்லாது

பல கம்பெனிகளில் எழுதி வைத்திருக்கும் விதி இப்படி இருக்கும்: ஒவ்வொரு ஷிப்டிலும் முதலுதவிச் சான்றிதழ் உள்ளவர் அல்லது ஒரு சூப்பர்வைசர் இருக்க வேண்டும். படிக்க எளிதாக இருக்கிறது. சார்ட் போடுபவருக்கும் எளிது, ஏனென்றால் சூப்பர்வைசர் இல்லாத ஷிப்ட் என்று ஒன்று கிடையாது. ஆகவே எந்தச் சார்ட் போட்டாலும் இந்த விதி தானாகவே நிறைவேறிவிடும். எப்படிப் போட்டாலும் தேறிவிடும் விதி எதையும் தடுக்காது.

இங்கே இரண்டு தனித்தனித் தேவைகள் ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்று, அதிகாரம் உள்ள ஆள்: மெஷினை நிறுத்தச் சொல்ல, 108-க்குப் போன் போட, கேட்டைத் திறந்து வைக்க, காயம்பட்டவருடன் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப. மற்றொன்று, பயிற்சி பெற்ற கை: ரத்தத்தை அழுத்தி நிறுத்த, மின்சாரம் தாக்கி விழுந்தவருக்கு மார்பை அழுத்திக் கொடுக்க. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை. சூப்பர்வைசரே முதலுதவிக்காரராகவும் இருந்தால், அவர் மண்டியிட்டுக் காயத்தை அழுத்திக்கொண்டிருக்கும்போது கேட்டுக்கு யார் சொல்வது?

ஆகவே உங்கள் கம்பெனி விதியில் ‘அல்லது’ இருந்தாலும், சார்ட் போடும்போது அதை ‘உம்’ என்று படித்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் உள்ளவரும் வேண்டும், சூப்பர்வைசரும் வேண்டும். சான்றிதழ் வாங்கிய சூப்பர்வைசர் ஒருவர் இரண்டு கட்டத்தையும் நிரப்பலாம், ஆனால் அது ஆள் கிடைக்காத நாளுக்கு மட்டும். அப்படிப் போட்ட ஷிப்டில், அடிபட்டால் போன் போட வேண்டியவர் யார் என்று ஒரு ஆப்பரேட்டர் பெயரையும் சார்ட்டில் எழுதிவிடுகிறேன்.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருந்து வந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஒரே நேரத்தில் வேலை செய்யும் 150 பேருக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்றது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக ஒரு பொறுப்பாளர் வேண்டும், அவர் மாநில அரசு ஏற்கும் முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், வேலை நடக்கும் நேரமெல்லாம் கூப்பிட்டால் வரும்படி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. சூப்பர்வைசர் என்ற சொல்லே அதில் வரவில்லை. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பதால், இப்போது பொருந்தும் மாநில விதி எது என்று உங்கள் பகுதித் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சார்ட் போட 45ஆம் பிரிவின் கணக்கைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொண்டால் போதும்.

புதிதாக வருபவர்கள் தவறிப்போகும் இடம் ‘வேலை நடக்கும் நேரமெல்லாம்’ என்பதில்தான். ஆலைக்கு ஒருவர் என்று நினைத்துவிடுகிறார்கள். பெட்டிக்கு ஒருவர், அதுவும் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர். நம் மில்லில் ஷிப்டுக்கு 90 பேர் என்பதால் ஒரு பெட்டி, ஷிப்டுக்கு ஒரு ஆள். ஷிப்டில் 160 பேர் இருந்தால் இரண்டு பெட்டி, இரண்டு ஆள். கீழே வரும் கணக்கெல்லாம் அப்போது இரட்டிப்பாகும்.

முதல் வேலை: பட்டியலைச் சலிப்பது

பயிற்சி ஃபைலைத் திறந்தால் நம் மில்லில் ஆறு பேர் பெயர் இருக்கிறது. கார்டிங் ஃபிட்டர், ஸ்பின்னிங் மேஸ்திரி, வைண்டிங் சூப்பர்வைசர், எலக்ட்ரீஷியன், குவாலிட்டி லேப் அக்கா ஒருவர், ப்ளோ ரூம் ஆப்பரேட்டர் ஒருவர். ஆறு பேர் இருக்கிறார்களே, தாராளம் என்று தோன்றும்.

சான்றிதழ்களைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஃபைலில் ‘பயிற்சி முடித்தவர்’ என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பல ஆலைகள் ஆள் அனுப்பும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பயிற்சியின் சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். நம் ப்ளோ ரூம் ஆப்பரேட்டருடையது நாலு மாதம் முன்பே முடிந்துவிட்டது. அவருக்குக் கட்டுப் போடத் தெரியாமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆனாலும் சார்ட்டில் அவரை எண்ணக் கூடாது. லேப் அக்காவின் சான்றிதழ் சரியாக இருக்கிறது, ஆனால் அவர் ஜெனரல் ஷிப்ட் மட்டும்தான், காலை 9 முதல் மாலை 5.30 வரை. பகலில் கூடுதல் துணை. பி ஷிப்டின் பின்பாதிக்கும் நைட்டுக்கும் அவர் இல்லை. அதனால் அவரையும் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆறு நாலாகிவிட்டது. சார்ட் போடத் தொடங்கும் முன்பே இது தெரிந்தால்தான் நல்லது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஆள் ஷிப்ட் நேரத்தில் எங்கே நிற்பார்? செக்யூரிட்டிக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருக்கும் மில்லைப் பார்த்திருக்கிறேன். கேட்டை விட்டு நகர முடியாதவரை ஸ்பின்னிங் ஹாலுக்கு எப்படிக் கூப்பிடுவது? டிரைவரும் அப்படித்தான், வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டால் ஷிப்டில் ஆளே இல்லை.

எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு

வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கு மூன்று ஷிப்ட். மொத்தம் 21 ஷிப்ட். ஒருவர் வாரத்துக்கு ஆறு ஷிப்ட்தான் வருவார். 21-ஐ ஆறால் வகுத்தால் மூன்றரை. அரை ஆள் கிடையாது என்பதால் நாலு பேர். நம்மிடம் சரியாக நாலு பேர் இருக்கிறார்கள். 24 ஷிப்ட் கையில், 21 தேவை, மூன்று மிச்சம்.

நாலு பேரில் மூன்று பேர் ஷிப்டுக்கு ஒருவராக நிற்பார்கள். நாலாவது ஆள் ரிலீவர்: மற்ற மூவரின் வார லீவு நாளில் அந்தந்த ஷிப்டுக்குப் போய் நிற்பவர். ரிலீவராக யாரைப் போடுவது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவருடைய சொந்த வேலை மூன்று ஷிப்டிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலுதவிக்காக வந்து சும்மா உட்கார்ந்திருப்பார், இரண்டாவது வாரமே மேனேஜர் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்வார். நம் மில்லில் எலக்ட்ரீஷியன் பொருந்துகிறார். எந்த ஷிப்டில் போட்டாலும் அவருக்கு வேலை உண்டு, எல்லா ஹாலுக்கும் போய் வருபவர், ஆட்களுக்கும் முகம் தெரியும். எலக்ட்ரிக்கல் சார்ட் தனியாகப் போடுகிறார்கள் என்றால், அங்கேயும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

வாரத்தைக் கட்டுவது

இனி லீவு நாட்களை வைக்க வேண்டும். நான் செய்யும் முறை, வார லீவை ஆளுக்கு வைக்காமல் ஷிப்டுக்கு வைப்பது. ஏ ஷிப்ட்காரருக்குத் திங்கள், பி ஷிப்ட்காரருக்குப் புதன், சி ஷிப்ட்காரருக்கு வெள்ளி. அடுத்த வாரம் ஆள் மாறினாலும் லீவு நாள் ஷிப்டோடு நிற்கும். ரிலீவர் திங்கள் ஏ, புதன் பி, வெள்ளி சி என்று பகலிலிருந்து இரவுப் பக்கமாக நகர்ந்து போவார். தலைகீழாக நைட்டிலிருந்து பகலுக்கு இழுத்தால் இடையில் தூங்க நேரம் கிடைக்காது.

இந்த வாரம் ஃபிட்டர் ஏ, மேஸ்திரி பி, சூப்பர்வைசர் சி என்று வைத்தால் சார்ட் இப்படி வரும்:

| நாள் | ஏ | பி | சி | மற்றவர் |
|---|---|---|---|---|
| திங்கள் | எலக்ட்ரீஷியன் | மேஸ்திரி | சூப்பர்வைசர் | ஃபிட்டர் லீவு |
| செவ்வாய் | எலக்ட்ரீஷியன் | மேஸ்திரி | சூப்பர்வைசர் | ஃபிட்டர் ஜெனரல் |
| புதன் | ஃபிட்டர் | எலக்ட்ரீஷியன் | சூப்பர்வைசர் | மேஸ்திரி லீவு |
| வியாழன் | ஃபிட்டர் | மேஸ்திரி, எலக்ட்ரீஷியன் | சூப்பர்வைசர் | – |
| வெள்ளி | ஃபிட்டர் | மேஸ்திரி | எலக்ட்ரீஷியன் | சூப்பர்வைசர் லீவு |
| சனி | ஃபிட்டர் | மேஸ்திரி | சூப்பர்வைசர் | எலக்ட்ரீஷியன் லீவு |
| ஞாயிறு | ஃபிட்டர் | மேஸ்திரி | சூப்பர்வைசர் | எலக்ட்ரீஷியன் ஜெனரல் |

ஆளுக்கு ஆறு நாள் வருகிறதா என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், வரும். சி ஷிப்டில் சூப்பர்வைசரே முதலுதவிக்காரராக வந்துவிட்டார். அந்த ஆறு இரவுகளுக்கு, முன்பு சொன்னபடி, போன் போடும் ஆள் ஒருவர் பெயரையும் எழுதிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஃபிட்டரை ஏன் ஜெனரலில் போட்டேன், திங்களை ஏன் ஏ ஷிப்டின் லீவாக வைத்தேன் என்று கேட்கலாம். இந்தச் சார்ட்டின் உயிர்நாடியே அதுதான். ஷிப்ட் வாரத்துக்கு ஒருமுறை மாறுகிறது: ஏ-யில் இருந்தவர் பி-க்கு, பி-யில் இருந்தவர் சி-க்கு, சி-யில் இருந்தவர் ஏ-க்கு. மாறும் நாள் திங்கள். முதல் இருவருக்குச் சிக்கல் இல்லை. ஏ-யில் ஞாயிறு மதியம் 2 மணிக்கு முடித்தவர் திங்கள் மதியம் 2 மணிக்குப் பி-க்கு வருகிறார், ஒரு முழு நாள் இடைவெளி. பி-யில் ஞாயிறு இரவு 10 மணிக்கு முடித்தவர் திங்கள் இரவு 10 மணிக்குச் சி-க்கு வருகிறார். ஆனால் சி-யில் ஞாயிறு நைட் பார்த்தவர் திங்கள் காலை 6 மணிக்குத்தான் வெளியே வருகிறார், அதே காலை 6 மணிக்கு ஏ ஷிப்ட் தொடங்குகிறது. தாளில் ஞாயிறு ஒரு கட்டம், திங்கள் ஒரு கட்டம், இரண்டும் தனித்தனியாக அழகாகத் தெரியும். ஆள் மட்டும் 16 மணி நேரம் தொடர்ந்து நிற்க வேண்டும். அவர் நிற்க மாட்டார், வரமாட்டார். திங்கள் ஏ ஷிப்டில் முதலுதவி ஆள் இல்லாமல் போகும்.

அதனால்தான் திங்கள் அவருக்கு லீவு. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட்காரருக்கு ஒரு நாள் விடுமுறை என்றால் ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். திங்கள் காலை 6 முதல் செவ்வாய் காலை 6 வரை என்றால் சட்டப்படி சரிதான். ஆனால் அந்த மனிதர் திங்கள் பகலெல்லாம் தூங்குவார், சாயங்காலம் எழுந்து ஒரு டீ குடிப்பார், மறுபடி விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். அது லீவு நாள் போலவே இருக்காது. செவ்வாய் ஜெனரல் ஷிப்டில் 9 மணிக்கு வரச் சொல்லிவிட்டு, அன்று ஏ ஷிப்டை எலக்ட்ரீஷியனே பார்த்தால் அவருக்கு இன்னும் மூன்று மணி நேரம் கிடைக்கும். எலக்ட்ரீஷியனுக்கும் வெள்ளி நைட்டுக்குப் பின் இதே கதை: சனி காலை 6 மணிக்குத்தான் வெளியே வருகிறார், அதனால் ஞாயிறு ஜெனரல்.

லீவு நாள் ஷிப்டோடு போவதால், ஏ-யிலிருந்து பி-க்குப் போகும்போதும் பி-யிலிருந்து சி-க்குப் போகும்போதும் இரண்டு லீவுகளுக்கு நடுவே எட்டு நாள் தொடர் வேலை வரும். சி-யிலிருந்து ஏ-க்கு மாறும்போது இரண்டே நாளில் லீவு வந்துவிடும். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு பத்து நாளைத் தாண்டக் கூடாது என்றது, நாம் அதற்குள் இருக்கிறோம். ஆனாலும் முதல் தடவை எட்டு நாள் வரும்போது ஆள் வந்து சண்டை போடுவார். மூன்று வாரச் சார்ட்டை ஒன்றாகப் போட்டுக் காட்டினால் புரிந்துகொள்வார், வார லீவு எதுவும் குறையவில்லை என்று.

ஒரு எச்சரிக்கை. கார்டிங் திங்களன்று ஷிப்ட் மாறி, வைண்டிங் வியாழனன்று மாறினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். டிபார்ட்மென்ட் வாரியாகச் சார்ட் போடும் மில்களில் எல்லாச் சார்ட்டும் தனித்தனியே சரியாக இருந்தும், சில நைட்டுகளில் மூன்று முதலுதவிக்காரர்களும் ஒரே ஷிப்டில் நிற்பதற்குக் காரணம் இதுதான். ஷிப்ட் மாறும் நாளை எல்லா டிபார்ட்மென்டுக்கும் ஒன்றாக்குங்கள். முடியாவிட்டால் இந்த நாலு பேருக்கு மட்டுமாவது ஒன்றாக்குங்கள்.

நாலு பேர் போதாது

மேலே உள்ள சார்ட் வார லீவைத் தாங்கும். ஒரு நாள் காய்ச்சலைத் தாங்காது. மிச்சமிருந்த மூன்று ஷிப்டில் செவ்வாயை ஃபிட்டர் தூங்கக் கொடுத்துவிட்டோம், வியாழனும் ஞாயிறும் மட்டும் கொஞ்சம் இடம் இருக்கிறது.

வருடச் சம்பள லீவு இருபது நாள் வேலைக்கு ஒரு நாள். ஒருவர் வருடத்துக்குச் சுமார் 300 நாள் வேலை செய்தால் 15 நாள். நாலு பேருக்கு 60 நாள். வருடத்தில் ஆறு நாளுக்கு ஒரு நாள் யாரோ ஒருவர் இல்லை என்று அர்த்தம், உடம்பு சரியில்லாத நாட்களையும் ஊர்த் திருவிழாவையும் சேர்க்காமலே. நாலு பேரை வைத்துக்கொண்டு ‘எல்லா ஷிப்டிலும் ஆள் இருக்கிறார்’ என்று ரிஜிஸ்டரில் எழுதினால் அதில் பாதி பொய்.

ஆறு பேர் இருந்தால் வாரத்துக்கு 36 ஷிப்ட் கையில். ஒரே நேரத்தில் இரண்டு பேர் லீவில் போனாலும் நாலு பேர் மிஞ்சுவார்கள், அந்த நாலு பேர் சார்ட்டை அப்படியே எடுத்துப் போட்டு ஓட்டலாம். இதிலிருந்தே லீவு விதியும் வந்துவிடுகிறது: ஆறு பேரில் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் லீவு கிடையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் யார் யார் என்று ஒரு மாதம் முன்பே அவர்களையே உட்கார்ந்து பேசி முடிவு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் தீர்மானித்தால் உங்கள் மேல் வருத்தம் வரும், அவர்கள் தீர்மானித்தால் தீபாவளி ஒருவருக்கு, பொங்கல் ஒருவருக்கு என்று தாங்களே பங்கு போட்டுக்கொள்வார்கள்.

நம் மில்லுக்கு அந்த இரண்டு பேர் எங்கிருந்து? ஒருவர் ப்ளோ ரூம் ஆப்பரேட்டர், சான்றிதழைப் புதுப்பித்தால் போதும். இன்னொருவருக்குப் புதிதாகப் பயிற்சி கொடுக்க வேண்டும். இன்னொரு சூப்பர்வைசரை அனுப்பாதீர்கள் என்பது என் கருத்து. சூப்பர்வைசர் மாற்றலாகிப் போவார், வேறு மில்லுக்குப் போவார், ஷிப்டில் இருந்தாலும் நாலு ஹாலில் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டும். ஒரே இடத்தில் நிற்கும் ஆப்பரேட்டர் நல்லது. வைண்டிங்கில் பெண்கள்தான் அதிகம் என்றால் அங்கே ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுப்பது இன்னும் நல்லது. சேலையோ துப்பட்டாவோ சிக்கி அடிபட்டவர், மயங்கி விழுந்தவர், தன்னைத் தொட்டுப் பார்க்க ஓர் ஆண் வந்தால் ‘ஒண்ணுமில்லை, சரியாப் போச்சு’ என்றுதான் சொல்வார்.

எக்செல் கட்டம் பொய் சொல்லாமல் இருக்க

சார்ட்டை எக்செலில் போடுகிறீர்கள் என்றால், ஷிப்டில் சான்றிதழ் உள்ளவர் எத்தனை பேர் என்று அதையே எண்ண வைக்கலாம். A நெடுவரிசையில் பெயர், B-யில் சான்றிதழ் முடியும் தேதி, C1 முதல் வலது பக்கமாக வாரத்தின் தேதிகள். 2 முதல் 7 வரை உள்ள வரிகளில் ஆறு பேர், ஒவ்வொரு நாளின் கீழும் A, B, C, ஜெனரலுக்கு G, லீவுக்கு W. கீழே C10-இல் இதை எழுதி வலது பக்கம் இழுத்துவிடுங்கள்:

```
=SUMPRODUCT((C$2:C$7="A")*($B$2:$B$7>=C$1))
```

C11-இல் "B", C12-இல் "C" என்று மாற்றி எழுதினால் மூன்று ஷிப்டும் வந்துவிடும். அன்றைய தேதியில் சான்றிதழ் முடிந்துவிட்டவரை இது எண்ணாது. B காலியாக இருப்பவரையும் எண்ணாது. விடை 0 வந்தால் கட்டம் சிவப்பாகும்படி வைத்துவிட்டால், சார்ட் போடும்போதே கண்ணில் குத்தும்.

இதில் ஒரு கண்ணி உண்டு, நானே விழுந்திருக்கிறேன். தேதியை 15.03.2026 என்று புள்ளி வைத்துத் தட்டுவது நம் பழக்கம். பல கணினிகளில் எக்செல் அதைத் தேதியாக எடுக்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எக்செலுக்கு எப்போதும் எழுத்துதான் பெரியது. ஆகவே அந்த ஆளின் சான்றிதழ் எந்தக் காலத்திலும் முடியாது, கட்டம் சிவக்கவே சிவக்காது. கண்டுபிடிக்கும் வழி எளிது: தேதியாக எடுத்திருந்தால் அது கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்தாக எடுத்திருந்தால் இடது ஓரத்தில் நிற்கும். சோதித்துப் பார்க்க, ஒருவருடைய தேதியைப் போன வருடத்துக்கு மாற்றுங்கள். அவர் மட்டும் நிற்கும் ஷிப்ட் உடனே 0 ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் அந்த ஷீட்டை நம்பாதீர்கள்.

ஒட்டிய பிறகு

சார்ட் உடைவது பெரும்பாலும் போர்டில் ஒட்டிய பிறகுதான். ‘அண்ணே, நாளைக்கு என் நைட்டை நீங்க பாருங்க, உங்க ஏ-யை நான் பார்த்துக்கிறேன்’ என்று இரண்டு பேர் டீக்கடையில் பேசி முடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு இது பரவாயில்லை. இந்த ஆறு பேர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒன்று வையுங்கள். பச்சைப் புள்ளிக்காரர் இன்னொரு பச்சைப் புள்ளிக்காரரோடு மட்டும்தான் மாற்றிக்கொள்ளலாம், அதுவும் டைம் ஆபீசில் எழுதிவிட்டு.

இரவு ஒன்பது மணிக்குப் போன் வரும்: ‘சார், வயித்து வலி, நைட் வரமுடியல.’ அவர் பச்சைப் புள்ளி. அப்போது பி ஷிப்டில் இருப்பவரை அப்படியே நைட்டும் பார்க்கச் சொல்வதுதான் முதலில் தோன்றும். செய்யாதீர்கள். மதியம் 2 மணிக்கு வந்தவர் காலை 6 வரை நின்றால் 16 மணி நேரம். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி உணவு இடைவேளையும் சேர்த்து ஒரு நாள் வேலை பத்தரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது, அதாவது நள்ளிரவு பன்னிரண்டரை. அதைவிட, மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அவரே மெஷினில் கை வைப்பார். மில் ஹாஸ்டலிலோ பக்கத்துத் தெருவிலோ இருக்கும் ஒரு பச்சைப் புள்ளியை அந்த வாரத்துக்கு ஸ்டான்ட்பை என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அவரை எழுப்புங்கள். அவர் வந்து சேரும்வரை மட்டும் பி ஷிப்ட்காரர் இருக்கட்டும், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் எழுதிவிடுங்கள். வந்தவருக்கு மறுநாள் ஷிப்ட் இருந்தால் அதை நகர்த்த வேண்டும், அதற்கு ஆள் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஸ்டான்ட்பையும் கிடைக்கவில்லை என்றால்? அப்போதுதான் அந்த ‘அல்லது’க்கு வேலை. சூப்பர்வைசரிடம் ஷிப்ட் தொடங்கும்போதே நேராகச் சொல்லிவிடுங்கள், இன்று முதலுதவி ஆள் இல்லை என்று. கத்தி வைத்துச் செய்யும் வேலை, மின்சாரப் பழுது வேலை, மெஷினைத் திறந்து சுத்தம் செய்வது போன்றவற்றைக் காலைக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அடிபட்டால் எதுவும் தடவாமல், சுத்தமான துணியை வைத்து அழுத்திக்கொண்டு 108-க்குப் போன் போடட்டும். ஆள் இல்லாமல் ஓடிய ஷிப்டை ரிஜிஸ்டரில் அப்படியே எழுதுங்கள். மூன்று மாதத்தில் அப்படி எத்தனை வந்தது என்று எண்ணிக் காட்டினால்தான் ஏழாவது ஆளின் பயிற்சிக்கு மேனேஜர் கையெழுத்துப் போடுவார்.

உணவு இடைவேளை ஒரு சின்ன விஷயம். முதலுதவிக்காரர் கேன்டீனில் சாப்பிடலாம், கூப்பிட்டால் வந்துவிடுவார். கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குப் போவதென்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கடைசியாகப் பயிற்சித் தேதி. ஆறு பேரையும் ஒரே வேனில் ஏற்றி ஒரே நாளில் அனுப்பினால் செலவு குறைவு என்று நிர்வாகம் சொல்லும். மூன்று வருடம் கழித்து ஆறு சான்றிதழும் ஒரே நாளில் முடியும், மறுநாள் எக்செலின் மூன்று வரியும் சேர்ந்து சிவக்கும். மூன்று பேரை இப்போது அனுப்புங்கள், மூன்று பேரை ஆறு மாதம் கழித்து. முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க ஏற்பாடு செய்யுங்கள், பயிற்சி போகும் நாளும் சார்ட்டில் ஒரு லீவு நாள் போலத்தான். பெட்டிச் சாவி ஒன்று பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கட்டும். எங்கள் மில்லில் பூட்டையே எடுத்துவிட்டோம். அவ்வப்போது பிளாஸ்திரி காணாமல் போகிறது, வாங்கி வைக்கிறோம்.